[கலைச்சொல்] ஆர்த்தோகுரோமாட்டிக்: சிவப்பைக் காணாத படச்சுருளுக்கு என்ன பெயர்?

தேன்சிட்டு:
குழுமத்தாருக்கு வணக்கம். ஒளிப்பதிவு மாணவர்களுக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஓர் இயல் 'தி லைட்ஹவுஸ்' (2019) படத்தின் கறுப்பு வெள்ளையைப் பற்றியது. ஒளிப்பதிவாளர் ஜாரின் பிளாஷ்கே கோடாக்கின் டபுள்-எக்ஸ் சுருளில் எடுத்தார். சிவப்பொளியைத் தடுக்கும் வடிகட்டி ஒன்றைத் தனியாகச் செய்வித்து லென்சில் பொருத்தினார். 1920-கள் வரை புழங்கிய ஆர்த்தோகுரோமாட்டிக் சுருளின் தோற்றம் அவருக்கு வேண்டியிருந்தது. இதை 'நேர்நிறச் சுருள்' என்று எழுதியிருந்தேன். "எல்லா நிறமும் சரியாகத் தெரியும் சுருளா, அம்மா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அதற்கு நேர் எதிர்! வேறு சொல் உண்டா?

சொல்லேர்:
'ஆர்த்தோ' என்பது செம்மை. கோணாத கோல் செங்கோல், கோணினால் கொடுங்கோல். செந்தமிழ் சிவந்த தமிழன்று. ஆகவே 'செவ்வண்ணச் சுருள்' என்க. பெயரில் பிழையும் இல்லை. முதலில் இருந்த ஒளிப்படத் தட்டுகள் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே கண்டன. சாயம் சேர்த்தால் பச்சையும் பதியும் என்று 1873-இல் ஜெர்மன் வேதியியலாளர் ஃபோகல் கண்டறிந்தார். முன்னதை நோக்க இது செம்மைதானே? செம்மை எவ்வாறு சிவப்பாயிற்று என்பதைத் தனி மடலில் விரிக்கிறேன்.

இருட்டறை:
ஐயா, விரிக்க வேண்டாம். சிவப்பே தெரியாத சுருளுக்குச் 'செவ்வண்ணம்' என்று பெயர் வைத்தால் மாணவர்கள் என்னைத்தான் உதைப்பார்கள்.

போன மாதம் ஒரு குறும்படத்துக்குச் சோதனை எடுத்தேன். சிவப்புப் புடவை, பின்னால் வாழைத்தோட்டம். கண்ணுக்குப் பளிச்சென்று பிரிந்து நின்றன. சாதாரணக் கறுப்பு வெள்ளையில் புடவையும் இலையும் ஒரே சாம்பலாகி, அந்தப் பெண் இலைக்குள் கரைந்துபோனாள். நிறம் செய்த வேலையை இனி ஒளிதான் செய்ய வேண்டும். பின்னாலிருந்து தோள்விளிம்பில் ஒரு விளக்கு வைத்தேன், பிரிந்தாள். பிறகு அந்த விளக்கை அணைத்துவிட்டு, சிவப்பைத் தடுக்கும் நீலப்பச்சை வடிகட்டியைப் போட்டேன். புடவை கிட்டத்தட்டக் கறுப்பு, இலை வெளிர். குங்குமம் மைப்பொட்டாகிவிட்டது. கன்னத்தில் ஒப்பனையாளர் மறைத்திருந்த பருவெல்லாம் கரும்புள்ளியாக எழுந்து நின்றது. வானம் வெறும் வெள்ளை, மேகமே இல்லை.

'லைட்ஹவுஸ்' இதைத்தான் தேடிப் போனது. தோல் அதிகம் திருப்பியனுப்புவது சிவப்பொளி. அதை வெட்டினால் முகம் கறுத்து, சுருக்கமும் வெடிப்பும் முரட்டுத்தனமாகத் தெரியும். படத்தில் வரும் கலங்கரை விளக்கக் காவலர் இருவரும் பல ஆண்டுகள் உப்புக்காற்றில் கிடந்தவர்கள் போல இருப்பது பாதி இதனால்தான். ஆனால் வடிகட்டி வெளிச்சம் குடிக்கும். மஞ்சள் விளக்கில் பெரும்பகுதி சிவப்பொளி என்பதால், இரவுக் காட்சியில் என் விளக்குகள் போதவில்லை.

கணினித்துளி:
வடிகட்டிச் செலவு எதற்கு? நிறத்தில் எடுத்துவிட்டு, கணினியில் சிவப்புத் தடத்தை அணைத்தால் போதுமே. 'ரோமா' (2018) கூட நிறத்தில் பதிவுசெய்து பிறகு மாற்றப்பட்டதுதான்.

இருட்டறை:
பகல் வெளிச்சத்தில் ஓரளவு சரி, தம்பி. ஆனால் கேமராவின் பச்சைத் தடம் செம்மஞ்சளையும் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. நீங்கள் விரட்டிய சிவப்பு கொல்லைப்புறமாக உள்ளே வரும். மஞ்சள் விளக்கடியில் நீலத் தடம் பட்டினி கிடக்கும். அதை ஏற்றினால் படம் முழுக்கப் புள்ளி. புள்ளியைச் சுருளுக்கே உரிய நுண்மணி என்று சொல்லிச் சமாளிக்காதீர்கள். மணி உயிரோடு அசையும், இது அழுக்கு.

பழைய ஸ்டூடியோ:
எங்கள் அப்பாவின் ஸ்டூடியோவில் இருட்டறைச் சிவப்பு விளக்கின் கீழ்தான் படம் கழுவுவோம். சிவப்பு உட்பட எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாட்டிக் சுருள் என்றால் அந்த விளக்கும் கூடாது, கும்மிருட்டில் கைதடவித்தான் வேலை. 'செவ்விளக்குச் சுருள்' எனலாமா? (என்னிடம் பழைய என்லார்ஜர் இருக்கிறது. வேண்டுவோர் எழுதவும்.)

தேன்சிட்டு:
'செங்குருட்டுச் சுருள்' என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். வகுப்பில் அதைச் சொல்ல மனம் வரவில்லை. 'சிவப்புணராச் சுருள்' எப்படி?

சொல்லேர்:
ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகும். இலக்கணம் சரி. சுவைதான் இல்லை. பான்குரோமாட்டிக்கை என்ன செய்வீர்கள்?

தேன்சிட்டு:
'முழுநிறச் சுருள்' என்றால் வண்ணப்படச் சுருள் என்று நினைப்பார்கள். 'முழுநிற உணர்சுருள்' என்று வைக்கிறேன். மூவர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு, ஒருவர் என்லார்ஜர். ஆர்த்தோகுரோமாட்டிக் என்பதை முதலிடத்தில் மட்டும் சேர்த்து, இன்றிரவே அனுப்புகிறேன்.

சொல்லேர்:
அனுப்புமுன் ஒன்று. டபுள்-எக்ஸ் சிவப்பையும் உணரும் சுருள் அல்லவா? அந்தப் படத்தில் சிவப்பை மறித்தது வடிகட்டி. அப்படியானால் உங்கள் இயலில் சிவப்புணராச் சுருள் எங்கே இருக்கிறது?

இருட்டறை:
ஐயா சொல்வது சரி. 'சிவப்புணராத் தோற்றம்' என்று மாற்றுங்கள். வல்லினம் இங்கும் மிகும்தானே?