முழுநாள் நிகழ்ச்சிகளில் கழிவறை, தண்ணீர், பை கவுண்டர்: உங்கள் அனுபவம் என்ன?

ஜெலுத்தோங் அக்கா
போன வருடம் பினாங்கில் ஒரு பாடாங் திடலில் காலை 9 முதல் இரவு 10 வரை நடந்த குடும்ப விழாவில் நான் தொண்டூழியர். சுமார் 3,000 பேர், அதில் பெண்கள் 1,700. நூறு பெண்களுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு 17 டாய்லெட் பெட்டி, ஆண்களுக்கு 8. கூட்டத்தில் எல்லாரும் தாராளம் என்றுதான் தலையாட்டினோம்.

மதியம் மூன்று மணி வாக்கில் கூடாரத்துக்குள் ஒரு பாட்டி கண் செருகிச் சாய்ந்துவிட்டார். அவர் மடியில் நாங்கள் காலையில் கொடுத்த தண்ணீர் போத்தல் மூடிகூடத் திறக்காமல் அப்படியே இருந்தது. முதலுதவிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது கேட்டேன், ஏன் பாட்டி குடிக்கவில்லை என்று. "குடிச்சா அங்க போகணுமே மா, அந்த வரிசையில எப்படி நிக்கிறது" என்றார். அந்த மூடி இன்னும் என் கண் முன்னால் நிற்கிறது. தேறிவிட்டார், கடவுள் புண்ணியம். வரும் நவம்பரில் மறுபடியும் அதே விழா, அதே பாடாங். அதனால்தான் கேட்கிறேன்.

செந்தூல்காரன்
அக்கா, நூறு பெண்களுக்கு ஒன்று என்பது சரியான கணக்குதான், வெளிநாட்டிலும் அப்படிப் போட்டிருக்கிறார்கள். உங்கள் பிரச்சினை கிளீனிங். ஆள் போட்டு அரை மணிக்கு ஒருமுறை கழுவியிருந்தால் வரிசை வந்திருக்காது. இன்னொன்று, தண்ணீர்க் குழாயை டாய்லெட் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள், ஒரே இடத்தில் இரண்டு வேலையும் முடியும்.

பட்டர்வொர்த் லோரி
நான் இந்தப் பெட்டிகளை வாடகைக்கு விடுகிற தொழிலில் 11 வருடம். செந்தூல் தம்பி சொல்கிற கணக்கு 1999-இல் வந்த பிரிட்டிஷ் நிகழ்ச்சிப் பாதுகாப்புக் கையேட்டில் இருந்தது, 6 மணி நேரத்துக்கு மேல் போகும் நிகழ்ச்சிக்கு 100 பெண்களுக்கு 1. கணக்கு பொய்யில்லை. ஆனால் அதைச் சேலையும் குழந்தையுமாக வரும் நம் கூட்டத்துக்கு அப்படியே போட முடியாது.

நான் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்திருக்கிறேன். சேலை கட்டி, கையில் குழந்தையோடு வருகிறவருக்கு உள்ளே போய் வெளியே வரச் சராசரி 4 நிமிடம். 17 பெட்டி என்றால் நிமிடத்துக்கு 4 பேர்தான். சாப்பாடு முடிந்ததும் 500 பெண்கள் ஒரே நேரத்தில் எழுந்தால் கடைசி ஆள் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். நாள் முழுக்கப் பார்த்தால் 17 போதும்போல் தெரியும், அந்த ஒரு மணி நேரத்தில்தான் வசமாக மாட்டிக்கொள்வோம். அதனால் என்னிடம் கேட்பவர்களிடம் தலைக் கணக்கைக் கேட்க மாட்டேன், எத்தனை பேர் ஒரே நேரத்தில் எழுவார்கள் என்றுதான் கேட்பேன். சாப்பாட்டை மூன்று பந்தியாக, அரை மணி இடைவெளி விட்டுப் போட்டாலே வரிசை பாதி கரைந்துவிடும். அதற்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை.

அடுத்தது தொட்டி. எங்கள் பெட்டியின் கழிவுத் தொட்டி சுமார் 200 லிட்டர். நாம் காகிதத்தோடு நிறுத்துவதில்லை, தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம். அதுவும் ஃபிளஷும் சேர்ந்து ஒருவருக்கு 3 லிட்டர் போகும். 66 பேர் போனால் தொட்டி நிறைந்துவிடும். இடைவிடாமல் ஆள் போய்க்கொண்டிருந்தால் நாலரை மணி நேரம்தான். காலை 9-க்குத் திறந்தது மதியம் ஒன்றரைக்கு நிறைகிறது, சரியாகச் சாப்பாடு முடிகிற நேரம். அக்கா, உங்கள் விழாவில் மதியம் சில கதவுகளைப் பூட்டினார்களா?

ஜெலுத்தோங் அக்கா
ஆமாம் அண்ணே. இரண்டு மணிக்குள் பெண்கள் பக்கம் ஐந்து பெட்டியைக் கயிறு கட்டி மூடிவிட்டார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை.

பட்டர்வொர்த் லோரி
அதுதான். அப்போது உங்களிடம் இருந்தது 12 பெட்டி. கழிவு உறிஞ்சும் லோரி 12 மணிக்கும் 4 மணிக்கும் 8 மணிக்கும் வந்திருக்க வேண்டும். வாடகைச் சீட்டில் அதைத் தனியாக எழுதி வாங்குங்கள், எழுதாவிட்டால் இரவு ஒரே தடவைதான் வரும். லோரி பெட்டி வரைக்கும் போக வழியும் விடுங்கள். பல இடங்களில் அந்த வழியில் சாப்பாட்டுக் கடை போட்டுவிடுகிறார்கள், லோரி வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்புகிறது. தொட்டி நிறைவதற்கு முன்பே அறிகுறி தெரியும்: உட்காரும் இடத்தில் தண்ணீர் தெறிக்கும்.

சுங்கை பட்டாணி பிளம்பர்
செந்தூல் தம்பி, குடிநீர்க் குழாயை டாய்லெட் பக்கத்தில் வைக்காதீர்கள். இரண்டு வரிசையும் ஒன்றையொன்று வெட்டும். கைகழுவ வருகிறவரும் போத்தல் நிரப்ப வருகிறவரும் ஒரே குழாய்க்குச் சண்டை போடுவார்கள், அந்த வாடையில் யார் குடிப்பார்கள்?

என் கதை சின்னது. ஒரு கோயில் விழாவில் மூன்று குழாய் போட்டுக் கொடுத்தேன், மூன்றும் ஒரே அரை அங்குலப் பைப்பில். ஒன்றைத் திறந்தபோது நன்றாக வந்தது, சோதித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மூன்றையும் ஒன்றாகத் திறந்தபோது நூல்போல் ஒழுகியிருக்கிறது, ஒரு போத்தல் நிரப்ப ஒரு நிமிடம். ஒரு சின்னப் பையன் போத்தலைப் பிடித்தபடி கை வலித்து அழுத படத்தை அண்ணி எனக்கு அனுப்பினார். இப்போதெல்லாம் விடியற்காலையிலேயே 1,000 லிட்டர் தொட்டியை மேடையில் ஏற்றி நிரப்பிவிடுகிறேன். ஒரு மீட்டர் உயரத்துக்கு அழுத்தம் குறைவு, அதனால் ஒன்றரை அங்குலப் பைப்பில்தான் கீழே இறக்க வேண்டும். தொட்டிக்கு மேல் கூடாரம் கட்டாயம். வெயிலில் நின்ற தண்ணீர் சூடாக வந்தால் முதல் வாயோடு கீழே ஊற்றிவிடுவார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் ரவா தோசை
எங்கள் பிரச்சினை செருப்பு. என் மாமியார், கோயில் வாசலில் விட்ட புதுச் செருப்பு திரும்பக் கிடைக்காமல் வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்து வந்தார், கால் கொப்பளித்துவிட்டது. இதற்கு என்ன செய்யலாம்?

அம்பாங் தம்பி
அக்கா, செருப்பும் பையும் ஒரே கதைதான், சிக்கல் எல்லாம் வெளியே போகிற நேரத்தில்தான். கோலாலம்பூரில் ஒரு மண்டபத்தில் பை கவுண்டரில் நின்றேன். 600 பை. காலையில் மூன்று மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, நாங்கள் நாலு பேரும் சிரித்துக்கொண்டே வாங்கினோம். இரவு 10-க்கு நிகழ்ச்சி முடிந்ததும் எல்லாரும் ஒன்றாக வந்தார்கள். ஒரு பையைத் தேடிக் கொடுக்க 40 வினாடி, அப்படியென்றால் நாலு பேரும் சேர்ந்து நிமிடத்துக்கு 6. கடைசிப் பை வெளியே போக 100 நிமிடம். ஒரு பெண் கடைசி எல்.ஆர்.டி. போய்விடும் என்று மேஜையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள், அவள் பை எங்கோ அடியில். கிடைத்தபோது மணி 11:40. ரயில் கிடைத்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது நான் செய்வது: டோக்கன் எண்ணின் கடைசி இலக்கத்துக்கு ஒரு வரிசையாகத் தரையில் பத்து வரிசை, பைகளை நிற்கவைத்து, எண் பெரிதாக மேல்பக்கம். ஒருவர் மேஜையில் டோக்கன் வாங்க, இன்னொருவர் உள்ளே ஓடி எடுத்து வருவார், டோக்கன் வாங்குகிறவர் இடத்தை விட்டு நகரவே கூடாது. அப்படிச் செய்தால் ஒரு பைக்கு 15 வினாடிக்குள் வந்துவிடும். இரவு மட்டும் பள்ளிப் பிள்ளைகள் ஆறு பேரைக் கூடுதலாக நிறுத்துங்கள், காலையில் அவர்கள் தேவையே இல்லை. ரயிலுக்குப் போகிறவர்களுக்குக் காலையிலேயே வேறு நிற டோக்கன், தனி மேஜை. மழை வந்தால் குடையும் சேரும், அதற்கு வாளி வையுங்கள், பைகளோடு போடாதீர்கள்.

செந்தூல்காரன்
பந்தி பிரித்தால் கடைசிப் பந்திக்காரர்கள் கோபப்படுவார்கள். எங்கள் பக்கம் அது நடக்காது. பெட்டியை 30 ஆக்கிவிடுங்கள் அக்கா.

ஜெலுத்தோங் அக்கா
30 பெட்டிக்கு இடம் இருக்கிறது, காசுதான் இழுக்கிறது. லோரி வழியை அடையாளம் போட நாளைக் காலை அளவு நாடாவோடு பாடாங்குக்குப் போகிறேன். பட்டர்வொர்த் அண்ணே, லோரிக்கு எத்தனை அடி அகலம் விட வேண்டும்?