‘ரிவர்ட்’ என்றால் பதிலா? பூனை மீமில் ஆரம்பித்த சண்டை

ரிலீஸ்ராஜா: காலிக் கிண்ணத்துக்கு முன்னால் ஒரு பூனை. கீழே, ‘டியர் சார், கிண்ணம் காலி. டூ த நீட்ஃபுல் அண்ட் கைண்ட்லி ரிவர்ட்’. இதற்குப் போய் இத்தனை லைக்கா? ரிவர்ட் என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது. பதில் போடுவது இல்லை. தப்பு இங்கிலீஷை மீம் போட்டு வளர்க்காதீர்கள்.

குமாஸ்தாபேரன்: தப்பு என்று யார் சொன்னது? டூ த நீட்ஃபுல் 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ்காரனே கடிதங்களில் எழுதியது. அவன் விட்டுவிட்டான், நாம் விடவில்லை. பதில் என்ற பொருளில் ரிவர்ட் சிங்கப்பூர், மலேசியா ஆபீஸ்களிலும் ஓடுகிறது.

ரிலீஸ்ராஜா: நான் கேட்டது ரிவர்ட். நீட்ஃபுல்லை ஏன் இழுக்கிறீர்கள்? `git revert` அடித்தால் பதிலா வருகிறது? பழைய கோடு வரும்.

குமாஸ்தாபேரன்: கிட்டில்கூட அது பின்னால் போவதில்லை சார். பழைய கமிட் அப்படியே இருக்கும், அதன் மாற்றத்தை எதிர்க்கிற புதுக் கமிட் ஒன்று மேலே சேரும். வரலாறு அழியாது. உங்கள் உதாரணமே உங்களுக்கு எதிராக நிற்கிறது.

ரிலீஸ்ராஜா: விளைவு என்ன? பழைய கோடு. பதில் இல்லை. அவ்வளவுதான்.

ஷிஃப்ட்ராணி: நான் சப்போர்ட்டில் இருக்கிறேன். ‘சர்வர் ஸ்லோ, கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்று டிக்கெட் வரும். எந்த சர்வர், எப்போதிலிருந்து, ஒன்றும் இருக்காது. கேள்வி கேட்டுத் திருப்பினால் மறுபடி அதே வரி, மேலே ‘ஜென்டில் ரிமைண்டர்’, சிசியில் மேனேஜர். அந்தக் கடுப்பில்தான் நாங்கள் மீம் போடுகிறோம். பூனைக்காவது என்ன வேண்டுமென்று பார்த்தாலே தெரிகிறது!

குமாஸ்தாபேரன்: ராணி சரியாகப் பிடித்தார். செய்ய வேண்டியது இரண்டு பேருக்கும் தெரிந்தால் அந்த வரி மரியாதை. தெரியாவிட்டால் வேலையை அடுத்தவர் தலையில் கட்டுவது. தாலுகா ஆபீஸ் மனுவில் ‘ஆவன செய்யுமாறு’ என்று எழுதுகிறோமே, அதை ஏன் யாரும் தப்புத் தமிழ் என்பதில்லை?

ரிலீஸ்ராஜா: தமிழுக்கு வந்துவிட்டார். ரிவர்ட் பதில் இல்லை, அதைச் சொல்லுங்கள். சப்போர்ட்காரர்களுக்கு டிக்கெட்டை மூடுவது ஒன்றுதான் குறி.

ஷிஃப்ட்ராணி: ஓ, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் போட்டுவிட்டு போனை அணைக்கிற கும்பலா பேசுவது? ராத்திரி மூன்று மணிக்கு அதைச் சரிசெய்வது யார்?

ரிலீஸ்ராஜா: டெஸ்டிங்கில் ஓகே சொன்னது யார்? அதைக் கேளுங்கள்.

மதுரைமல்லி: எல்லோருக்கும் வணக்கம். லீவ் லெட்டரில் ‘கைண்ட்லி ரிவர்ட்’ போடலாமா? திங்கள்கிழமை அக்கா வளைகாப்பு.

ரிலீஸ்ராஜா: போட்டால் உங்கள் லீவைத்தான் ரிவர்ட் செய்வார்கள்.

குமாஸ்தாபேரன்: போடுங்கம்மா. பதில் எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று மட்டும் கூடவே எழுதுங்கள்.

ரிலீஸ்ராஜா: பதில் என்று நீங்களே தனியாக எழுதச் சொல்கிறீர்களே, அப்புறம் ரிவர்ட் எதற்கு?

ஷிஃப்ட்ராணி: ராஜா சார், டெஸ்டிங் பேச்சு இன்னும் முடியவில்லை.