இந்தக் கேள்வியில் கன்ட்ரோல் குரூப் இருக்கிறதா இல்லையா?

உளவியல் ஆய்வு முறைகள் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். மாதிரித் தாளில் ஒரு கேள்வி. பாட்டு கேட்டுக்கொண்டே படித்தால் நினைவில் நிற்பது குறையுமா என்று ஓர் ஆசிரியர் பார்க்கிறார். காலை 9 மணி வகுப்பு 30 சொற்களை அமைதியில் 5 நிமிடம் படிக்கிறது, மதியம் 2 மணி வகுப்பு அதே பட்டியலை அதே 5 நிமிடம் சினிமா பாட்டோடு படிக்கிறது, பிறகு நினைவில் இருப்பதை எழுதுகிறார்கள். காலை வகுப்புதான் அதிகம் எழுதியது.

சாரா மாறி பாட்டு இருப்பதும் இல்லாததும், சார்ந்த மாறி சரியாக எழுதிய சொற்களின் எண்ணிக்கை, மாறாமல் வைத்தவை பட்டியலும் படிக்கக் கொடுத்த 5 நிமிடமும். இதுவரை சரிதானே?

விடைக்குறிப்பு 'கன்ட்ரோல் குரூப் இல்லை' என்பதைக் குறையாகச் சொல்கிறது. அமைதியில் படித்த வகுப்புதானே கன்ட்ரோல்? எனக்குத் தெரியும் பெரிய ஓட்டை, பாட்டோடு சேர்ந்து காலை, மதியம் என்று வேளையும் மாறியதுதான். மதியச் சாப்பாட்டுக்குப் பின் தூக்கம் சொக்கும் பிள்ளைகள் குறைவாக எழுதினால் அது பாட்டால் என்று எப்படிச் சொல்வது? போதாததற்கு இரண்டும் ஏற்கெனவே பிரிந்திருந்த வகுப்புகள், யாரும் குலுக்கிப் போட்டுப் பிரிக்கவில்லை. ஒரு வகுப்பே படிப்பில் கெட்டியாக இருந்திருக்கலாம்.

அப்புறம், திருத்தம் கேட்டால் எல்லோரையும் ஒரே நேரத்துக்கு வரவழைத்துக் குலுக்கிப் பிரிப்பது என்று எழுதலாமா, இல்லை ஒரே ஆட்களை இரண்டு நிலையிலும் சோதிப்பதா? இரண்டாவது என்றால் வேறொரு பட்டியல் வேண்டும், பாதிப் பேருக்குப் பாட்டு முதலில், மீதிப் பேருக்கு அமைதி முதலில் என்று வரிசையையும் மாற்ற வேண்டும். 4 மதிப்பெண்ணுக்கு எது போதும்?