செல்வி அக்காவின் முதல் ஆர்டர் – தெற்குத் தெரு குழு

செல்வி அக்கா: ஆப்பில் ஒரு சேலை பிடித்திருக்கிறது. ஒரே சேலைக்கு 612, 655 என்று இரண்டு விலை போட்டிருக்கிறது. எதைத் தொடுவது? முன்பணம் மட்டும் கட்ட மாட்டேன்.

முருகேசன் மாமா: கேஷ் ஆன் டெலிவரி போடும்மா. பையன் வந்ததும் பிரித்துப் பார், பிடித்தால் காசு கொடு.

பிரபு (கூரியர்): பாதிதான் சரி மாமா. வேண்டாம் என்றால் வாங்காமலே திருப்பி அனுப்பலாம். ஆனால் காசு வாங்காமல் கவரைப் பிரிக்க நாங்கள் விட முடியாது. பிரித்துக் காட்டித் தரும் ஓப்பன் பாக்ஸ் பெரும்பாலும் போன், டிவிக்குத்தான்.
அக்கா, அந்த 612-ஐத் தொட்டுப் பாருங்கள். கிழிசலோ வேறு சேலையோ வந்தால் மட்டும் ரிட்டர்ன் என்று இருக்கும்.

செல்வி அக்கா: ஆமாம் தம்பி, அப்படித்தான் இருக்கிறது.

பிரபு (கூரியர்): 655-இல் பிடிக்கவில்லை என்றாலும் திருப்பலாம். போட்டோவில் ஒரு கலர், நேரில் ஒரு கலர் இருக்கும். முதல் தடவைக்கு 43 ரூபாய் போனால் போகட்டும்.

ரேவதி: நான் நைட்டியைத் திருப்பியபோது எடுக்க வந்தவர் கையில் காசே தரவில்லை!

பிரபு (கூரியர்): தர மாட்டார். ரிட்டர்ன் போடும்போதே ஆப் வங்கிக் கணக்கு எண்ணோ யூபிஐ ஐடியோ கேட்கும். அதில்தான் வரும்.

முருகேசன் மாமா: கணக்கு எண்ணைக் கொடுத்தால் உருவிவிட மாட்டானா?

பிரபு (கூரியர்): எண்ணை வைத்து மட்டும் எடுக்க முடியாது. பணம் வருவதற்கு யூபிஐ பின் தேவையே இல்லை. ரீஃபண்ட் தருகிறேன், கியூஆர் ஸ்கேன் பண்ணுங்கள் என்று யாராவது போன் பண்ணினால் வைத்துவிடுங்கள். கஸ்டமர் கேர் நம்பரையும் கூகுளில் தேடாதீர்கள், ஆப்புக்குள் போய்ப் பேசுங்கள்.

தங்கம் பாட்டி: பிரபு, எங்கள் சிலிண்டருக்கு ஓடிபி வரவில்லையே?

பிரபு (கூரியர்): அது கேஸ் ஏஜென்சி பாட்டி 😄

செல்வி அக்கா: ஃபால்ஸ் தைத்த பிறகு திருப்பலாமா?

பிரபு (கூரியர்): டேக்கை வெட்டினாலோ ஃபால்ஸ் தைத்தாலோ வாசலிலேயே வேண்டாம் என்பார்கள். முகவரிச் சீட்டு தெரிகிற மாதிரி பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். வேறு பொருள் வந்தால் அதுதான் சாட்சி. அப்புறம், நம் பின்கோடில் ரிட்டர்ன் எடுக்க வருவார்களா என்று ஆர்டருக்கு முன்பே பாருங்கள். சில கடைக்கு நாமே கூரியரில் அனுப்ப வேண்டி வரும்.

ரேவதி: பணம் வராமல் இழுத்தால் 1915-க்குப் போன் போடுங்கள் அக்கா, நுகர்வோர் உதவி எண்.

முருகேசன் மாமா: நேற்று எங்கள் வீட்டுக்கு 499 ரூபாய் பார்சல் வந்தது. யார் போட்டது என்றே தெரியவில்லை.

பிரபு (கூரியர்): ஆப்பில் உங்கள் ஆர்டர் பட்டியலில் இல்லையென்றால் வாங்காதீர்கள் மாமா.

முருகேசன் மாமா: மருமகள் காசு கொடுத்து வாங்கிவிட்டாளே!