கோல்டன் இமேஜ்: தமிழில் என்ன சொல்லலாம்?

தமிழரசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்காக சர்வர் இமேஜ்களைக் கட்டித் தரும் பேக்கர் என்ற கருவி பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். 'கோல்டன் இமேஜ்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

வேலை இதுதான். உபுண்டுவின் வெறும் இமேஜிலிருந்து பேக்கர் ஒரு தற்காலிக சர்வரைக் கிளப்பும். எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய், நாம் எழுதிக் கொடுத்த கட்டளைகளை ஓட்டும். முடிந்ததும் சர்வரை நிறுத்தி, அதன் வட்டைப் புதிய இமேஜாகச் சேமித்துவிட்டு, தற்காலிக சர்வரை அழித்துவிடும். அந்தப் புது இமேஜ்தான் கோல்டன் இமேஜ். அதிலிருந்து பத்து சர்வர் எழுப்பினாலும் பத்தும் ஒரே அமைப்போடு எழும்.

இமேஜுக்குப் 'படிமம்' பழகிவிட்டது, அதை மாற்ற வேண்டாம். 'தங்கப் படிமம்' என்று எழுதினால் ஐம்பொன் சிலைதான் நினைவுக்கு வருகிறது. 'மூலப் படிமம்' காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் பேக்கரிலேயே `source` என்று ஒரு பகுதி உண்டு. எந்த இமேஜிலிருந்து தொடங்குகிறோம் என்பதை அங்கேதான் சொல்கிறோம். 'மூலம்' அதற்குத்தான் பொருந்தும். உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் ஒரே பெயர் வைக்க முடியாது இல்லையா?

புகழேந்தி எழுதியது:

தமிழரசி, இதை ஏன் சுற்றி வளைக்க வேண்டும்? ஒரு சர்வரை ஒழுங்காக அமைத்து நகலெடுக்கிறோம், அவ்வளவுதான். 'நகல் படிமம்' போதும். இல்லாவிட்டால் 'அச்சுப் படிமம்'. முறுக்கு அச்சில் பிழிகிற மாதிரி எல்லாம் ஒன்றுபோல வரும். பொருள் யாருக்கும் உடனே புரியும்.

ஞானசேகரன் எழுதியது:

நான் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். ஒரு கணினியில் விண்டோஸ், கம்பைலர் எல்லாம் போட்டு, அந்த வட்டை அப்படியே மற்ற நாற்பதுக்கும் ஏற்றுவோம். நாங்கள் அதை 'கோஸ்ட் போடுவது' என்போம். ஒரு முறை பெயரை மாற்றாமல் ஏற்றிவிட்டார்கள். நாற்பதும் ஒரே பெயரில் எழுந்தன; இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கணினி இருக்கிறது என்று திரைக்குத் திரை எச்சரிக்கை. அதனால் 'நகல்' என்று எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் பயம். நீங்கள் சொல்வதும் இதேதானா, இல்லை டாக்கர் இமேஜ் பற்றியதா?

இரகுபதி எழுதியது:

ஞானசேகரன் ஐயா, டாக்கர் இல்லை. இங்கே பேசுவது கர்னல், துவக்கநிரல் உட்பட முழு இயந்திரத்தின் வட்டு. ஆனால் உங்கள் ஆய்வகத்தில் நடந்ததுதான் லினக்ஸிலும் நடக்கிறது. புகழேந்தியின் சொல் பாதி சரி என்பேன். மீதிப் பாதியில்தான் நான் ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்டேன்.

மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸில் பேக்கர் கட்டிய டெம்ப்ளேட்டிலிருந்து 3 உபுண்டு சர்வர்கள் எழுப்பினேன். மூன்றுக்கும் நெட்வொர்க் அட்டையின் மேக் முகவரி வேறு வேறு. ஆனால் ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபி மூன்றுக்கும் ஒரே ஐபியைக் கொடுத்தது. எஸ்எஸ்எச் போட்டால் ஒரு தடவை முதல் சர்வரில் போய் நிற்கும், அடுத்த தடவை மூன்றாவதில். நான் வைத்த கோப்பு காணாமல் போகும், பிறகு திரும்பி வரும். வட்டில் கோளாறு என்றே நினைத்தேன்.

காரணம் `/etc/machine-id`. உபுண்டுவில் systemd-networkd டிஎச்சிபியிடம் தன்னை அறிமுகப்படுத்துவது மேக் முகவரியை வைத்து அல்ல, இந்தக் கோப்பிலிருந்து பிறக்கும் அடையாளத்தை வைத்து. இமேஜ் கட்டும்போதே அது உள்ளே எழுதப்பட்டுவிட்டது. அதனால் மூன்றும் ஒரே ஆளாகத் தெரிந்தன. வழக்கமாக, அதே ஐபியில் வேறு இயந்திரம் பதில் சொன்னால் எஸ்எஸ்எச் எச்சரிக்கும். இங்கே அதுவும் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் எஸ்எஸ்எச் சர்வரை அடையாளம் காணும் ஹோஸ்ட் கீகளும் மூன்றிலும் ஒன்றே. இரண்டு சர்வரின் கன்சோலைத் திறந்து `cat /etc/machine-id` போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது.

இப்போது பேக்கர் கோப்பில் என் கடைசிப் படி இது:

```hcl
provisioner "shell" {
  inline = [
    "sudo cloud-init clean --logs",
    "sudo rm -f /etc/ssh/ssh_host_*",
    "sudo truncate -s 0 /etc/machine-id"
  ]
}
```

கோப்பை நீக்காமல் காலியாக்குகிறேன் என்பதைக் கவனியுங்கள். காலியாக இருந்தால் முதல் துவக்கத்தில் systemd புதிதாக எழுதிக்கொள்ளும். ஹோஸ்ட் கீகளை, முதல் துவக்கத்தில் சர்வரை அமைக்கும் cloud-init உண்டாக்கும். ஆக, அமைப்பு ஒன்று, அடையாளம் வேறு. அடையாளத்தைத் துடைத்துவிட்டுத்தான் இமேஜை மூடுகிறோம். 'நகல்' இதை மறைத்துவிடுகிறது.

வள்ளி எழுதியது:

இரகுபதி அண்ணா சொன்னதைப் படித்ததும் எனக்கு விதைதான் நினைவுக்கு வந்தது. அப்பா விதைப் பண்ணை வைத்திருந்தார். ஒரே ரக நெல், ஒரே குணம், ஆனால் ஒவ்வொரு பயிரும் தனி உயிர்.

விதையில் படிநிலைகள் உண்டு: வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதை. வல்லுநர் விதை மூட்டைக்குப் பொன்மஞ்சள் அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். நமக்குக் கடைசிப் பெயர் பொருந்தும் என்று நினைக்கிறேன். முளைப்புத்திறன் பார்த்துத் தேறினால்தான் அட்டை கட்டுவார்கள். அதில் காலாவதி நாளும் இருக்கும். 9 மாதம் போனால் மறுபடி சோதிக்க வேண்டும். பேக்கர் இமேஜும் அப்படித்தான். கட்டிய நாளில் சரியாக இருக்கும், போகப் போக பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லாமல் பழசாகும். அதனால் 'சான்றுப் படிமம்'.

புகழேந்தி எழுதியது:

இரகுபதி சொன்ன பிறகு 'நகல்' வேண்டாம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'சான்று' என்றால் நம் ஆட்கள் டிஎல்எஸ் சான்றிதழ் என்று படிப்பார்களே. 'சான்றுப் படிமத்தைப் புதுப்பி' என்று எழுதினால் ஒருவர் சான்றிதழைப் புதுப்பிக்கக் கிளம்பிவிடுவார். 'ஆதாரப் படிமம்' என்று வைத்தால் என்ன?

இரகுபதி எழுதியது:

'ஆதாரம்' வேண்டாம். பேஸ் இமேஜ் என்று நாம் சொல்கிற வெறும் உபுண்டுவுக்கு அது போய்விடும். தமிழரசி முதலில் சொன்ன சிக்கலே திரும்ப வரும்.

சான்றிதழ்க் குழப்பம் உண்மைதான். ஆனால் வள்ளியின் சொல்லில் ஒரு வேலை ஒளிந்திருக்கிறது. `packer build` பிழையில்லாமல் முடிந்தால் இமேஜ் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். கட்டளைகள் தோல்வியில்லாமல் ஓடின என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. நான் ஒவ்வொரு இமேஜிலிருந்தும் இரண்டு சர்வர் எழுப்பி machine-id, ஹோஸ்ட் கீ, ஐபி மூன்றையும் ஒப்பிடுகிறேன். ஒரே ஒரு சர்வர் எழுப்பிப் பார்த்தால் இந்தப் பிழை ஒருபோதும் தெரியாது. அந்தச் சோதனை தேறும்வரை என்னிடம் இருப்பது வெறும் படிமம். தேறினால் சான்றுப் படிமம்.

ஞானசேகரன் எழுதியது:

முளைப்புச் சோதனை மாதிரி! எங்கள் ஆய்வகத்தில் முதலில் இரண்டு கணினியில் மட்டும் ஏற்றிப் பார்த்திருக்கலாம்.

தமிழரசி எழுதியது:

நன்றி. வரைவில் 'சான்றுப் படிமம்' என்றே எழுதுகிறேன். டிஎல்எஸ் வருகிற இடமெல்லாம் 'சான்றிதழ்' என்று முழுதாக எழுதிவிடுவேன். புகழேந்திக்கு இது போதாது என்று தெரியும், வேறு சொல் கிடைத்தால் மாற்றலாம். வெறும் உபுண்டுவுக்கு 'மூலப் படிமம்'. இரகுபதியின் இரட்டைச் சர்வர் சோதனையையும் தனிப் படியாகச் சேர்க்கிறேன்.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது. ஒரே படிமத்திலிருந்து எழுந்த சர்வர்களில் யாரோ ஒருவர் உள்ளே புகுந்து கையால் ஒரு கோப்பை மாற்றுகிறார். ஒரு மாதத்தில் ஒன்று மற்றதைப் போல இருப்பதில்லை. இந்த 'டிரிஃப்ட்'டுக்கு என்ன சொல்வது? வள்ளி, பயிரில் ரகம் கலந்துபோவதற்கு உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள்?

வள்ளி எழுதியது:

கலப்பு என்போம், அக்கா. வயலில் இறங்கி அந்தப் பயிரைப் பிடுங்குவதற்குப் பெயர் 'கலவன் நீக்குதல்'. ஆனால் கலவன் வெளியிலிருந்து வந்த பயிர். நீங்கள் சொல்வது அதே பயிர் மாறிப்போவது. அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.