பம்ப் இம்பெல்லர் கணக்கு: 30 மீட்டர் ஹெட் எங்கே போனது?

நண்பர்களே, ஒரு சந்தேகம். இம்பெல்லர் விட்டம் 250 மி.மீ., வெளிவாய் அகலம் 20 மி.மீ., பின்னோக்கி வளைந்த 6 பிளேடு, கோணம் 30°, வேகம் 1450 ஆர்பிஎம், ஓட்டம் நொடிக்கு 30 லிட்டர். உள்ளே நுழையும் நீரில் சுழல் இல்லை என்று வைத்து, வெளிவாயின் வேக முக்கோணத்தை வரைந்தேன்.

விளிம்பு வேகம் U₂ 18.98 மீ/நொடி, ஆர வேகம் 1.91. நீர் பிளேடு கோணத்திலேயே வெளியேறினால் சுழல் வேகம் Vu₂ 15.67. ஆய்லர் சமன்பாட்டில் போட்டால்:

H = U₂·Vu₂/g = 30.3 மீ

சோதனையில் கிடைத்ததோ 17.5 மீட்டர்தான். மீதியெல்லாம் உராய்வு என்று முதலில் நினைத்தேன். ஆனால் 30.3 மீட்டருக்கு நீருக்கு மட்டுமே 8.9 கிலோவாட் வேண்டும். தண்டில் அளந்ததோ 7.2. அப்படியானால் அந்த ஆற்றல் நீருக்குப் போகவே இல்லை, நீர் பிளேடு கோணத்தைவிடப் பின்தங்கித்தான் வெளியேறுகிறது.

ஸ்டோடோலா ஸ்லிப் சூத்திரப்படி சுழல் வேகம் 4.97 குறைந்து, ஹெட் 20.7 ஆகிறது. வீஸ்னர் சூத்திரமோ 22.9 தருகிறது. 6 பிளேடுக்கு எதை நம்பலாம்? பிளேடு தடிமன் அடைக்கும் பரப்பை நான் கழிக்கவில்லை, அதையும் சேர்க்க வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.