ஸ்குவாட்டில் முழங்கால் வலி: முதலில் ஆழமா, எடையா?

பார்பெல் ஸ்குவாட்டில் தொடை தரைக்கு இணையாக வரும்போதும், முன்னோக்கி லஞ்ச் வைத்து எழும்போதும், வலது முழங்கால் சில்லின் முன்புறம் பொங்கலுக்குப் பிறகு வலிக்கிறது. வீக்கமோ, மூட்டு பூட்டிக்கொள்வதோ இல்லை. மாடிப்படி இறங்கும்போது லேசாக உறுத்தும்.

இப்போது முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலான பெட்டியைத் தொட்டு எழும் அளவுக்கு ஆழத்தைக் குறைத்து, பாதங்களைத் தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் அகட்டி, 3 விநாடி எண்ணி இறங்குவதால், 40 கிலோவில் வலி பத்துக்கு 2-ஐத் தாண்டுவதில்லை. மறுநாள் காலையிலும் மிஞ்சுவதில்லை. லஞ்சில் பின்னோக்கி அடி வைத்தால் தாங்குகிறது. குதிகாலுக்கு அடியில் தட்டு வைத்ததுதான் ஒத்துவரவில்லை. முழங்கால் இன்னும் முன்னே செல்வது காரணமாக இருக்கலாம். முழங்கால் உறையாலும் பயனில்லை.

இத்தகைய வலியோடு பயிற்சியைத் தொடர்ந்தவர்கள், பெட்டியின் உயரத்தை முதலில் குறைத்தீர்களா, அல்லது அதே உயரத்தில் எடையை முதலில் கூட்டினீர்களா?